பழைய நேரம் ஏன் போக மறுக்கிறது?

காலண்டரில் ஒரே அப்பாயின்ட்மெண்ட் இரண்டு இடத்தில் இருந்தால், அதைப் பெற்றவர் மீதுதான் நாம் பழி போடுகிறோம். "பழையதை நீங்கள் டெலீட் செய்திருக்க வேண்டும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். தவறு செய்தது நான் எழுதிய புரோகிராம் என்று தெரியாமல், என் பெரியம்மாவிடமே சொன்னேன்.

நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு முன்பதிவு புரோகிராம் செய்து கொடுத்திருந்தது. அதில் அழைப்பு அனுப்பும் பகுதி என் பொறுப்பு. ஒருவர் முன்பதிவு செய்தால் அவருடைய இமெயிலுக்கு ஒரு காலண்டர் அழைப்பு போகும். அவர் அதை ஏற்றுக்கொண்டால் போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் அந்த நாளும் நேரமும் பதிவாகிவிடும். உரிய நேரத்தில் மணியும் அடிக்கும்.

பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய். 2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை 7.30 மணிக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க முன்பதிவு செய்திருந்தார். பிறகு நிலையத்தார் அதை 13ம் தேதி வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். மாற்றியதும் என் புரோகிராம் உடனே புதிய அழைப்பை அனுப்பியது. பெரியம்மாவும் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் செவ்வாய்க்கிழமை பதிவு அப்படியே இருந்தது. அன்று காலை மணி அடித்தது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்தவர் ஆட்டோ பிடித்துப் போய், "உங்களுக்கு வியாழக்கிழமைதானே" என்று கேட்டுத் திரும்பி வந்தார். வரும் வழியில் தலைசுற்றல் வேறு. சர்க்கரை நோயாளிக்கு இது சிறிய விஷயம் இல்லை.

மாலையில் போன் செய்தார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். "பழையதை நீங்க அழிச்சிருக்கணும் பெரியம்மா."

"டேய், ரெண்டு நாளும் போட்டிருக்கு. ரெண்டையும் அனுப்பினது அவங்கதான். இதுல எது பழசு, எது புதுசுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு பதிவுகளையும் பார்த்தால், எது எதற்குப் பதிலாக வந்தது என்று கண்டுபிடிக்க எந்த வழியும் இல்லை. இரண்டிலும் தலைப்பு ஒன்று, இடம் ஒன்று, அனுப்பியவர் ஒருவர். நாள் மட்டும்தான் வேறு. மனிதருக்கே தெரியாதது அவருடைய காலண்டர் புரோகிராமுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று அன்றிரவு உட்கார்ந்து பார்த்தேன். அப்போதுதான் என் தவறு புரிந்தது.

காலண்டர் அழைப்பு என்பது ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைல். பைல் பெயர் `.ics` என்று முடியும். இமெயிலில் இணைப்பாக வரும் `invite.ics` என்ற பைலை டவுன்லோட் செய்து, அதன் மீது ரைட் கிளிக் செய்து, நோட்பேடில் திறந்து பாருங்கள். ஆங்கிலத்தில் வரி வரியாக இருக்கும். பயப்பட வேண்டாம், பார்ப்பதால் எதுவும் கெட்டுப்போகாது. இந்த வடிவத்துக்கு ஐகேலண்டர் என்று பெயர். இதன் விதிகள் முதலில் 1998ல் வெளிவந்தன. இப்போது பின்பற்றப்படுவது 2009ல் திருத்தி வெளியிடப்பட்டது. கூகுள், மைக்ரோசாப்ட், ஆப்பிள் என்று யாருடைய காலண்டராக இருந்தாலும் அழைப்புகளைப் பரிமாறிக்கொள்வது இந்த வடிவத்தில்தான். பெரியம்மாவுக்கு முதலில் போன பைலில் முக்கியமான வரிகள் இவை (முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறேன்):

```
METHOD:REQUEST
BEGIN:VEVENT
UID:7c1e-40aa@lab.example
SEQUENCE:0
DTSTAMP:20250303T060000Z
DTSTART:20250311T020000Z
DTEND:20250311T023000Z
SUMMARY:Blood test
END:VEVENT
```

`DTSTART` என்பது தொடங்கும் நேரம், `DTEND` முடியும் நேரம். "காலை 7.30 என்று சொன்னீர்கள், இங்கே 020000 என்று இருக்கிறதே" என்று கேட்பீர்கள். கடைசியில் உள்ள `Z` என்ற எழுத்து, இது உலகப் பொது நேரம் என்பதைக் காட்டுகிறது. அதில் இரண்டு மணி என்றால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டி 7.30. `SUMMARY` என்பது திரையில் தெரியும் தலைப்பு.

நாம் பார்க்க வேண்டிய வரி `UID`. இது அந்தப் பதிவின் அடையாள எண். ரேஷன் கார்டு எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் வேறு தெருவுக்குக் குடிபோனால் கார்டில் முகவரி மாறும், எண் மாறாது. முகவரி மாறும்போதெல்லாம் புது எண்ணில் புது கார்டு கொடுத்தால் என்ன ஆகும்? ஒரே குடும்பம் இரண்டு குடும்பமாகிவிடும். நான் செய்தது அதைத்தான். நாள் மாறியபோது போன இரண்டாவது பைல் இது:

```
METHOD:REQUEST
BEGIN:VEVENT
UID:e9b3-15d2@lab.example
SEQUENCE:0
DTSTAMP:20250307T091500Z
DTSTART:20250313T020000Z
DTEND:20250313T023000Z
SUMMARY:Blood test
END:VEVENT
```

`UID` வரியை ஒப்பிட்டுப் பாருங்கள். முற்றிலும் வேறு. அழைப்பு அனுப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய அடையாள எண்ணை உருவாக்கும்படி நான் எழுதியிருந்தேன். முதல் முறை அனுப்பும்போது அது சரி. மாற்றம் அனுப்பும்போதும் அதே வரிகள் ஓடியதால் புதிதாக ஒரு எண் பிறந்துவிட்டது. பெரியம்மாவின் காலண்டர் அந்த எண்ணைத் தேடிப் பார்த்தது. அப்படி ஒரு பதிவு இல்லை. எனவே இது புதிய அப்பாயின்ட்மெண்ட் என்று முடிவு செய்து வியாழக்கிழமையில் எழுதிவைத்தது. செவ்வாய்க்கிழமையைத் தொட அதற்கு எந்தக் காரணமும் இல்லை. அது நூற்றுக்கு நூறு சரியாக வேலை செய்திருக்கிறது.

இந்த இடத்தில் நண்பர்கள் பலர் ஒரு யோசனை சொல்வார்கள். "தலைப்பு ஒன்றாக இருக்கிறது, அனுப்பியவர் ஒருவர், அப்படியென்றால் பழையதை காலண்டரே நீக்கிவிடலாமே? இவ்வளவு பெரிய கம்பெனிகளுக்கு இது கூடவா தெரியாது?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே ரத்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். ஒரே நாள், ஒரே இடம், ஒரே தலைப்பு, இரண்டும் உண்மையான பதிவுகள். காலண்டர் புத்திசாலித்தனமாக ஊகித்து முதலாவதை நீக்கினால், நோயாளி காலையில் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பார். இரண்டு பதிவு இருப்பதை விட, வேண்டிய பதிவு காணாமல் போவது மோசம். அதனால்தான் தலைப்பையும் நேரத்தையும் பார்க்காமல் அடையாள எண்ணை மட்டும் பார்க்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். அது சரியான முடிவு என்பதுதான் என் கருத்து. ஊகிக்கும் வேலையைப் பெறுபவரின் காலண்டருக்குக் கொடுக்கக் கூடாது. எது எதற்குப் பதில் என்று தெரிந்த ஒரே ஆள், அனுப்புபவர். சொல்ல வேண்டிய கடமையும் அவருடையதுதான்.

தவறு தெரிந்ததும் திருத்தினேன். ஆனால் முதல் திருத்தத்திலும் ஒரு சறுக்கல். முதலில் அனுப்பிய பைலை அப்படியே சேமித்து வைத்து, மாற்றம் வந்தால் அதில் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் மட்டும் மாற்றி அனுப்பும்படி செய்தேன். `UID` மாறாது அல்லவா, வேலை முடிந்தது என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்தபோது ஒரு காலண்டரில் நேரம் மாறியது. இன்னொன்றில் பழைய நேரமே இருந்தது. இரண்டு பதிவு வரவில்லை, சரி. ஆனால் புதிய நேரமும் வரவில்லை. இது முன்னதைவிட ஆபத்து. இரண்டு பதிவு இருந்தால் சந்தேகமாவது வரும்.

காரணம் `SEQUENCE` என்ற வரி. இது திருத்தத்தின் வரிசை எண். முதல் அழைப்பில் 0, நேரத்தை ஒரு முறை மாற்றினால் 1, மறுபடி மாற்றினால் 2. ஒரே `UID` உள்ள இரண்டு பைல்கள் வந்தால், எதில் இந்த எண் பெரியதோ அதுதான் புதியது. இரண்டிலும் எண் சமமாக இருந்தால், அந்தப் பைல் எப்போது தயாரிக்கப்பட்டது என்று சொல்லும் `DTSTAMP` வரியைப் பார்க்க வேண்டும், பிந்தையது வெல்லும். நான் பழைய பைலையே எடுத்துப் பயன்படுத்தியதால் `SEQUENCE` 0 ஆகவே இருந்தது, `DTSTAMP` வரியும் மாறவில்லை. இது புதியது என்று சொல்ல பைலில் எதுவுமே இல்லை. ஒரு காலண்டர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டது, இன்னொன்று "இது ஏற்கெனவே வந்ததுதானே" என்று ஒதுக்கிவிட்டது.

வரிசை எண் எதற்கு, கடைசியாக வந்த இமெயில்தானே புதியது என்று தோன்றலாம். இமெயில்கள் அனுப்பிய வரிசையில் வந்து சேரும் என்று உத்தரவாதம் இல்லை. செவ்வாயை வியாழனாக மாற்றினார்கள், ஒரு மணி நேரத்தில் அதை வெள்ளியாக மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்வோம். வியாழன் இமெயில் எங்கோ ஒரு சர்வரில் தங்கிவிட்டு, வெள்ளி இமெயிலுக்குப் பிறகு வரலாம். வந்த வரிசையைப் பார்த்தால் நாள் மறுபடி வியாழனாகிவிடும். வரிசை எண் இருந்தால், கையில் 2 இருக்கும்போது தாமதமாக வரும் 1 ஒதுக்கப்படும்.

இப்போது என் புரோகிராம் அனுப்பும் மாற்றம் இப்படி இருக்கிறது. முதல் பைலோடு ஒப்பிடுங்கள்:

```
METHOD:REQUEST
BEGIN:VEVENT
UID:7c1e-40aa@lab.example
SEQUENCE:1
DTSTAMP:20250307T091500Z
DTSTART:20250313T020000Z
DTEND:20250313T023000Z
SUMMARY:Blood test
END:VEVENT
```

`UID` அதே. `SEQUENCE` ஒன்று கூடியிருக்கிறது. தயாரித்த நேரம் புதியது. இவ்வளவுதான் வித்தியாசம். இதற்காக அந்த அடையாள எண்ணை முன்பதிவுப் பட்டியலிலேயே ஒரு கட்டத்தில் சேமித்து வைக்கிறேன். முன்பதிவு ரத்தானால் அதே எண்ணோடு `METHOD:CANCEL` என்று ஒரு பைல் போகும். காலண்டர் அந்தப் பதிவை நீக்கிவிடும் அல்லது ரத்து என்று காட்டும்.

இந்தத் தவறை நான் மட்டும் செய்யவில்லை என்பது பிறகு தெரிந்தது. எனக்கே வந்த சில முன்பதிவு இமெயில்களைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் தேதியையும் நேரத்தையும் சேர்த்தே `UID` ஆக்கியிருந்தார்கள். ஒரே நேரத்தில் ஒரே அப்பாயின்ட்மெண்ட்தான் இருக்கும் என்ற கணக்கு போலும். நேரம் மாறினால் அடையாளமும் மாறிவிடும் என்பதை யோசிக்கவில்லை. முன்பதிவு எண்ணையே அடையாளமாக வைத்திருந்தால் போதும். நேரம் எத்தனை முறை மாறினாலும் முன்பதிவு எண் மாறாது.

சரி, புரோகிராம் எழுதுபவர்கள் கதை இருக்கட்டும். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நீங்கள் அழைப்பு அனுப்பும்போது இந்த வரிகளை எழுத வேண்டியதில்லை, காலண்டரே எழுதிக்கொள்ளும். ஆனால் நீங்கள் எந்த பட்டனை அழுத்துகிறீர்கள் என்பதை வைத்துத்தான் அது பழைய எண்ணைப் பயன்படுத்துவதா, புதிய எண் போடுவதா என்று முடிவு செய்கிறது.

உதாரணமாக, ஞாயிறு மாலை 5 மணிக்கு வீட்டில் உறவினர்கள் கூடுவதாக கூகுள் காலண்டரில் அழைப்பு அனுப்பியிருக்கிறீர்கள். அதை 6 மணியாக்க வேண்டும். பலர் என்ன செய்கிறார்கள்? 6 மணிக் கட்டத்தில் கிளிக் செய்து புதிதாக ஒரு பதிவு போட்டு, எல்லோரையும் மறுபடி சேர்த்து அனுப்புகிறார்கள். இன்னும் சிலர் பழைய பதிவின் மெனுவில் `Duplicate` என்பதைத் தேர்வு செய்து, நகலில் நேரத்தை மாற்றுகிறார்கள். இரண்டிலும் புதிய அடையாள எண்தான் பிறக்கும். பழைய 5 மணி எல்லோர் காலண்டரிலும் அப்படியே நிற்கும். பிறகு தன் காலண்டரில் மட்டும் பழையதை அழித்து, யாருக்கும் தெரிவிக்காமல் விட்டால் குழப்பம் முழுமையாகிவிடும்.

சரியான வழி இது. ஏற்கெனவே உள்ள 5 மணிப் பதிவையே கிளிக் செய்யுங்கள். பென்சில் படத்தை அழுத்துங்கள். நேரத்தை 6 ஆக்கி `Save` அழுத்துங்கள். விருந்தினர்களுக்குத் தெரிவிக்கவா என்று ஒரு சிறிய பெட்டி கேட்கும். அதில் `Send` என்பதை அழுத்துங்கள். பலர் "எதற்கு இன்னொரு இமெயில், தொந்தரவு" என்று அனுப்ப வேண்டாம் என்பதை அழுத்துகிறார்கள். கூகுள் காலண்டர் வைத்திருக்காத சித்தப்பாவுக்கு அந்த இமெயில் ஒன்றுதான் தகவல். அது போகாவிட்டால் அவர் 5 மணிக்கு வந்து கதவைத் தட்டுவார். அவுட்லுக்கிலும் இதே முறைதான். பழைய கூட்டத்தைத் திறந்து நேரத்தை மாற்றி, `Send Update` அழுத்த வேண்டும்.

இதை அழைப்பை அனுப்பியவர்தான் செய்ய முடியும். அழைப்பைப் பெற்றவர் தன் காலண்டரில் பதிவை இழுத்து 6 மணியில் வைத்தால், அது அவருடைய நகலில் மட்டும்தான் மாறும், மற்றவர்களுக்குத் தெரியாது. அனுப்பியவர் அடுத்து ஒரு திருத்தம் அனுப்பினால் இவர் வைத்த நேரமும் போய்விடும். அதேபோல, அழைப்பைப் பார்த்து நீங்களே கையால் தட்டிவைத்த பதிவை எந்தத் திருத்தமும் தொடாது. அதன் அடையாள எண் உங்களுடையது, அனுப்பியவருக்கு அது தெரியாது. பெரியம்மா மாதிரி ஆட்களுக்கு நான் சொல்வது, இமெயிலில் வரும் `Yes` பட்டனை அழுத்துங்கள், தனியாக எழுதிவைக்காதீர்கள் என்றுதான்.

வாரா வாரம் நடக்கும் வகுப்பு போன்றவற்றில் ஒரு வாரத்தை மட்டும் மாற்றும்போது கவனம் தேவை. நேரத்தை மாற்றிச் சேமித்ததும், இந்த ஒன்றை மட்டுமா, இதற்குப் பிறகு வருபவை எல்லாவற்றையுமா, அனைத்தையுமா என்று கேட்கும். ஒரு வாரம் என்றால் `This event`. உள்ளே என்ன நடக்கிறது என்றால், எல்லா வாரத்துக்கும் `UID` ஒன்றுதான். எந்த வாரம் மாறியது என்று சொல்ல `RECURRENCE-ID` என்ற வரி கூடுதலாகச் சேரும். அதில் அந்த வாரத்தின் பழைய நேரம்தான் இருக்க வேண்டும், புதிய நேரம் அல்ல. எதை எடுத்துவிட்டு இதை வைக்கிறோம் என்று அது சொல்கிறது. புரோகிராம் எழுதும் தம்பிகள் இதில் புதிய நேரத்தைப் போட்டுவிட்டு, அந்த வாரம் மட்டும் வகுப்பு இரண்டு முறை வருகிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

இரண்டு பதிவு தெரிந்தால் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் இரண்டும் வேறு வேறு நிறத்தில் இருக்கின்றனவா, நேரம் ஒன்றாகவே இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது திருத்தப் பிரச்சினையே இல்லை. உங்கள் போனில் இரண்டு இமெயில் கணக்குகள் இருக்கும். இரண்டிலும் அழைப்பை ஏற்றிருப்பீர்கள். இரண்டு காலண்டர்களில் ஒவ்வொரு பதிவு. ஒரு காலண்டரைத் திரையில் காட்ட வேண்டாம் என்று டிக்கை எடுத்தால் போதும், எதையும் அழிக்க வேண்டாம்.

நேரம் வேறாக இருந்தால் இமெயிலின் தலைப்பைப் பாருங்கள். கூகுள் அனுப்பும் திருத்தம் `Updated invitation` என்று தொடங்கும். வெறும் `Invitation` என்று இரண்டு இமெயில்கள் இருந்தால், அனுப்பியவர் புதிதாகப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். இன்னும் சந்தேகம் என்றால் இரண்டு `.ics` பைல்களையும் நோட்பேடில் திறந்து `UID` வரிகளை ஒப்பிடுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை. அவுட்லுக்கில் தயாரான அழைப்புகளில் இந்த எண் மிக நீளமாக, பெரும்பாலும் `040000008200E00074C5B7101A82E008` என்று தொடங்கும். தொடக்கம் பல அழைப்புகளில் ஒன்றாகவே இருப்பதால், ஆரம்ப எழுத்துகளை மட்டும் பார்த்து ஒன்றுதான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். நீள வரி மடிந்து அடுத்த வரியில் ஒரு இடைவெளி விட்டுத் தொடரும். அதையும் சேர்த்து, கடைசி எழுத்துகள் வரை ஒப்பிட வேண்டும்.

எண்கள் வேறு என்று தெரிந்தால், பழையதை உடனே நீங்களே அழித்துவிடாதீர்கள். சில காலண்டர்களில் அழைப்பை அழித்தால் "இவர் வரவில்லை" என்று அனுப்பியவருக்குப் பதில் போய்விடும். மருத்துவ நிலையமாக இருந்தால் முன்பதிவே ரத்தாகும் அபாயம் உண்டு. அவர்களுக்கு போன் செய்து எது சரியான நேரம் என்று உறுதிசெய்து, பழையதை அவர்கள் பக்கத்திலிருந்து ரத்து செய்யச் சொல்லுங்கள். "எங்கள் சாஃப்ட்வேர் அப்படித்தான்" என்று பதில் வந்தால், மாற்றம் அனுப்பும்போது `UID` மாறிவிடுகிறது என்று உங்கள் சாஃப்ட்வேர் செய்தவரிடம் சொல்லுங்கள் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும். எங்களுக்கு வரும் புகார்களில் "காலண்டர் சரியில்லை" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதை வைத்துக்கொண்டு அன்றே திருத்திவிடலாம்.

ஜூன் மாதம் பெரியம்மாவின் அடுத்த பரிசோதனையும் ஒரு நாள் தள்ளிப்போனது. இந்த முறை பழைய பதிவு தானாகப் போய், புதிய நாள் வந்து உட்கார்ந்தது. திருப்தியாக இருந்தேன். மாலையில் போன். "புதன்கிழமைன்னு போட்டிருந்ததே, அது எங்கடா போச்சு? நான் தெரியாம அழிச்சிட்டேனா?"

இதையும் நான் யோசிக்கவில்லை. சுத்தமாக மாறினால், மாறியதற்கான தடயமே இருக்காது. இப்போது திருத்தம் அனுப்பும்போது `DESCRIPTION` என்ற விவரப் பகுதியில் ஒரு வரி சேர்க்கிறேன்: "முன்பு புதன் காலை 7.30, வியாழன் காலை 7.30க்கு மாற்றப்பட்டது." பதிவைத் திறந்தால் அது தெரியும். பெரியம்மா அதைப் படித்துவிட்டு, "இதை முதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா" என்றார்.